ஒரு வாரமாகப் பதில் வராத மின்னஞ்சல்: மறுபடி எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவ்வரிசி மொத்த வியாபார அலுவலகத்தில் 19 ஆண்டுகள் கடிதப் போக்குவரத்தைக் கவனித்தேன். இப்போது சனிக்கிழமைகளில் அஸ்தம்பட்டியில் உட்கார்ந்து, கேட்டு வருகிறவர்களுக்கு மின்னஞ்சல் எழுத உதவுகிறேன். கொலுசுப் பட்டறைக்காரர்கள், ஏற்காட்டுத் தோட்டக்காரர்கள், முதல் வேலை தேடும் பிள்ளைகள் என்று பலரும் வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் கொண்டுவரும் சிக்கல் ஒன்றுதான்: அனுப்பி ஒரு வாரமாகியும் பதில் இல்லை, மறுபடி எழுதினால் குத்திக்காட்டுவது போல ஆகிவிடுமோ என்ற தயக்கம். அவர்கள் கேட்டவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

மறுபடி எழுதினால் தொல்லை கொடுக்கிறேன் என்று நினைக்க மாட்டார்களா?

ஒரு வாரம் பொறுத்து ஒரு முறை எழுதினால் நினைக்க மாட்டார்கள். பதில் வராததற்குப் பெரும்பாலும் உங்கள் மீதான எண்ணம் காரணமாக இருப்பதில்லை. மின்னஞ்சலைக் கைப்பேசியில் எங்கேயோ நின்றபடி திறந்து பார்க்கிறார்கள், அலுவலகம் போய்ப் பதில் எழுதலாம் என்று மூடுகிறார்கள். திறந்த மாத்திரத்தில் அது தடித்த எழுத்திலிருந்து சாதாரண எழுத்துக்கு மாறிவிடுகிறது. மறுநாள் காலை அதன்மேல் முப்பது புதிய மடல்கள் ஏறியிருக்கும். பார்த்த மடல் புதியது போலத் தெரியாது, பார்க்காத மடல்களே கண்ணில் படும்.

இப்படித் தங்கிப்போவதில் ஒரு ஒழுங்கும் உண்டு. "சரி" என்ற ஒரு சொல்லில் முடிகிற மடலுக்கு அப்போதே பதில் போய்விடும். கணக்குப் பார்த்தோ இன்னொருவரைக் கேட்டோ முடிவெடுக்க வேண்டிய மடல்தான் தங்கும். அதனால் நீங்கள் எழுதப்போகும் இரண்டாவது மடலுக்கு இரண்டு வேலைகள்: பழையதை மேலே கொண்டுவருவது, பதில் சொல்லும் சுமையைக் குறைப்பது. முதல் வேலையை எல்லாரும் செய்கிறார்கள். இரண்டாவதைச் செய்கிறவர்கள் குறைவு.

ஒரு வாரம் என்பதை எப்படிக் கணக்குப் பார்ப்பது? ஞாயிறு, பண்டிகை எல்லாம் சேர்த்தியா?

ஐந்து வேலை நாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வெள்ளி மாலை அனுப்பிய மடலுக்குக் கணக்கு திங்களன்றுதான் தொடங்குகிறது. இடையில் பொங்கலோ தீபாவளியோ வந்தால் அந்த நாட்களையும் கழித்துவிடுங்கள். முதல் மடலிலேயே "15-ஆம் தேதிக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்" என்று எழுதியிருந்தால் ஒரு வாரக் கணக்கு பொருந்தாது, 15-ஆம் தேதி வரை பொறுக்க வேண்டும். நாமே கொடுத்த நாளுக்கு முன்னால் நாமே போய் நிற்பது நன்றாக இருக்காது.

நேரத்தைப் பொறுத்தவரை, செவ்வாய் அல்லது புதன் காலை 10 மணிக்கு மேல் அனுப்புவது என் வழக்கம். திங்கள் காலையில் அனுப்பினால் வார இறுதிக் குவியலில் விழும். இரவு 11 மணிக்கு அனுப்பிய மடலில், அதன் சொற்கள் எப்படி இருந்தாலும், தூக்கம் வராமல் எழுதியவரின் பதற்றம் தெரியும். இரவில்தான் எழுத நேரம் கிடைக்கிறது என்றால் ஜிமெயிலில் `Schedule send` இருக்கிறது, மறுநாள் காலைக்கு வைத்துவிடுங்கள்.

எழுதுவதற்கு முன்னால் நம் பக்கம் ஏதாவது சரிபார்க்க வேண்டுமா?

கட்டாயம். முதலில் `Sent` பெட்டியைத் திறந்து மடல் உண்மையிலேயே போயிருக்கிறதா, யாருக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். ஏற்காட்டு மலைப்பாதையில் வரும்போது கைப்பேசியில் அனுப்புகிறவர்களுக்கு இது முக்கியம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே சிக்னல் விடும், எங்கே வரும் என்று சொல்ல முடியாது. சிக்னல் இல்லாத இடத்தில் அனுப்பிய மடல் `Outbox`-இல் `Queued` என்று நிற்கும். பிறகு தானாகப் போய்விடும்தான், ஆனால் எப்போதும் அல்ல. போகாத மடலுக்கு ஒரு வாரமாகப் பதில் எதிர்பார்த்துக் காத்திருந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

அடுத்து, `Mail Delivery Subsystem` என்ற பெயரில் ஏதாவது வந்திருக்கிறதா என்று உங்கள் `Spam` பெட்டி உட்படத் தேடுங்கள். முகவரியில் ஒரு எழுத்து மாறியிருந்தால் மடல் திரும்பிவிட்டது என்று அந்தப் பெயரில்தான் தகவல் வரும். விடுப்பில் இருக்கிறேன் என்ற தானியங்கிப் பதில் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அவர் திரும்பும் தேதி அதிலேயே இருக்கும். இணைப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள். "விலைப்பட்டியலை இணைத்திருக்கிறேன்" என்று எழுதிவிட்டு இணைக்க மறந்திருந்தால், தவறு நம்முடையது. அப்போது தேவை நினைவூட்டல் அல்ல, விடுபட்ட இணைப்போடு ஒரு வரி வருத்தம்.

பழைய மடலின் மேலேயே எழுதுவதா, புதிதாக ஒன்று தொடங்குவதா?

பழையதன் மேலேயே எழுதுங்கள். `Sent` பெட்டியில் அதைத் திறந்து `Reply` கொடுத்தால், பெறுகிறவர் முகவரிக்கே மறுபடி போகும். முதல் மடல் கீழே தொங்கும், அவர் தேட வேண்டியதில்லை. தலைப்பு வரியைத் தொடாதீர்கள். ஜிமெயிலில் தலைப்பை மாற்றினால் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும். "நினைவூட்டல்", "அவசரம்", "இரண்டாம் முறை" என்று தலைப்பில் சேர்ப்பது, கதவைத் திறக்கும் முன்பே குரலை உயர்த்துவது போல.

`Reply` கொடுத்தால் முதல் மடலின் இணைப்புகள் கூடவே போகாது. இணைப்பு முக்கியமென்றால் மறுபடி சேர்த்துவிடுங்கள். மொத்தம் 25 எம்பிக்கு மேல் ஜிமெயிலில் நேரடி இணைப்பாகப் போகாது, அதற்கு முன்பே பெறுகிற நிறுவனத்தின் சேவையகம் தடுத்துவிடுவதும் உண்டு. படங்களைச் சுருக்கி இரண்டு மூன்றாகக் குறைப்பது நல்லது.

நான் மரியாதையாகத்தான் எழுதினேன். ஆனாலும் "ஏன் கோபமாக எழுதியிருக்கிறீர்கள்" என்று கேட்டார்கள். எந்த இடத்தில் கோபம் வந்தது?

நம் மொழியில் குற்றச்சாட்டு பெரும்பாலும் வசைச்சொல்லில் இருப்பதில்லை, ஒட்டுகளில் இருக்கிறது. "ஒரு வாரம் முன்பு அனுப்பினேன்" என்றால் தகவல். "ஒரு வாரம் முன்பே அனுப்பினேன்" என்றால் வழக்கு. நடுவில் வந்தது ஒரே ஒரு ஏகாரம். "ஒரு வரி கூட" என்பதிலுள்ள "கூட", "இந்த மடலுக்காவது" என்பதிலுள்ள "ஆவது" இரண்டும் அப்படித்தான். "இதற்காவது பதில் தாருங்கள்" என்று எழுதும்போது, முன்பு தரவில்லை என்று எழுதாமலே எழுதிவிடுகிறோம். "இதுவரை", "ஏற்கெனவே சொன்னபடி" என்பவையும் அதே வேலையைச் செய்கின்றன. எழுதுகிறவருக்கு இவை கண்ணில் படுவதில்லை. படிக்கிறவருக்கு முதலில் படுவதே இவைதான்.

இரண்டாவது இடம், "இல்லை" என்று முடியும் வினை. "பதில் வரவில்லை" என்ற வாக்கியத்தில் "நீங்கள்" என்ற சொல் இல்லாவிட்டாலும், யார் அனுப்பவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். "பதில் அளிக்கப்படவில்லை" என்று மாற்றினால் இன்னும் மோசம், நோட்டீஸ் வாசனை வந்துவிடும். அந்த வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள். பதில் வராதது அவருக்கும் தெரியும், சொல்ல வேண்டிய தேவை இல்லை. வாக்கியத்தை விஷயத்தில் தொடங்குங்கள்: "6-ஆம் தேதி அனுப்பிய விலைப்பட்டியல் பற்றி எழுதுகிறேன்." தேதியும் வந்துவிட்டது, குற்றமும் இல்லை.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் மடலில் "நீங்கள்" என்று எழுதிவிட்டு இரண்டாவதில் "தாங்கள்" என்று ஏறுகிறார்கள். கூடுதல் மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் நேற்றுவரை "வாங்க" என்று பேசிய உறவினர் திடீரென்று "தாங்கள் அமரலாம்" என்றால் நமக்கு என்ன தோன்றும்? முகம் திருப்பிக்கொண்டார் என்றுதானே. முதல் மடலில் எந்த விளி இருந்ததோ, வணக்கம் எப்படி இருந்ததோ, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

"மறந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்", "வேலைப்பளுவில் இருப்பீர்கள்" என்றெல்லாம் எழுதலாமா? இதமாகத்தானே இருக்கிறது?

முதலாவதை எழுத வேண்டாம். மறதி என்பதும் ஒரு குறைதான், அதை அவர்மேல் நாமே ஏற்றிவைக்கிறோம். அவர் மறக்காமல், உங்கள் விலையை இன்னொருவர் விலையோடு ஒப்பிட்டுக்கொண்டும் இருக்கலாம். "ஞாபகப்படுத்துகிறேன்" என்ற வினையும் அப்படியே.

இரண்டாவது அவ்வளவு தவறில்லை. ஆனால் காரணம் உங்களுக்கு உண்மையில் தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள். "மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நேரம் என்று தெரியும்" என்று தணிக்கையாளருக்கு எழுதினால், அவர் வேலையை அறிந்த ஆள் எழுதுகிறார் என்று தெரியும். யாருக்கும் பொருந்துகிற "பிஸியாக இருப்பீர்கள்" வெறும் நிரப்பு வரி. சிலருக்கு அது குத்தலாகவும் கேட்கும்.

ஒரு மடலை எடுத்து முழுதாகக் காட்ட முடியுமா?

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஐந்து ஏக்கர் காபி வைத்திருக்கும் ஒருவர், கோயம்புத்தூரில் காபி வறுத்து விற்கும் ஒரு நிறுவனத்துக்கு ஜனவரி 6, செவ்வாயன்று மடல் எழுதினார். அதே நாளில் பார்ச்மென்ட் ஒன்று, செர்ரி ஒன்று என 250 கிராம் சாம்பிள்கள் இரண்டைக் கூரியரில் அனுப்பினார். மடலின் தலைப்பு "காபி". உள்ளே ஒன்பது படங்கள், ஐந்து கேள்விகள்: என்ன விலை தருவீர்கள், எத்தனை கிலோ எடுப்பீர்கள், வண்டி வாடகை யாருடையது, முன்பணம் உண்டா, தோட்டத்தைப் பார்க்க எப்போது வருகிறீர்கள். 13-ஆம் தேதி வரை பதில் இல்லை. அன்று அவர் எழுதிவைத்த வரைவு இது:

> ஐயா, கடந்த வாரமே மெயில் அனுப்பினேன். இதுவரை எந்தப் பதிலும் இல்லை. சாம்பிள் வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. வேறு வியாபாரிகளும் கேட்கிறார்கள். இந்த மெயிலுக்காவது பதில் தரவும்.

மேலே சொன்ன ஒட்டுகள் அத்தனையும் ஐந்து வாக்கியங்களில் இருக்கின்றன. "வேறு வியாபாரிகள்" யார் என்று கேட்டேன். யாரும் இல்லை, சும்மா போட்டேன் என்றார். அதை முதலில் அடித்தோம். பிறகு, சாம்பிள் கோயம்புத்தூர் போனபின் அங்கே என்ன நடக்கும் என்று யோசித்தோம். பார்ச்மென்ட் என்பது மேலே ஓடு ஒட்டியிருக்கும் கொட்டை. செர்ரி என்பது பழத்தோடு காய்ந்த கொட்டை. இரண்டையும் உரித்தால்தான் வறுக்க முடியும். வறுத்த சாம்பிளை உடனே சுவைத்துப் பார்க்க மாட்டார்கள், 8 முதல் 24 மணி நேரம் வைத்திருந்து பிறகுதான் பார்ப்பார்கள். கூரியருக்கு இரண்டு நாள், உரிக்க, வறுக்க, சுவைக்க இரண்டு மூன்று நாள். ஐந்து வேலை நாட்கள் அங்கே தாமதமே இல்லை. இன்னொன்று: கடையில் வறுத்து விற்பவர்கள் எல்லாரிடமும் உரிக்கும் இயந்திரம் இருக்காது. இந்தச் சாம்பிள் அப்படியே உட்கார்ந்திருக்க அதுவே காரணமாக இருக்கலாம். இப்போது கேட்பதற்கு உண்மையான கேள்வி ஒன்று கிடைத்துவிட்டது. அனுப்பிய மடல் இப்படி ஆனது:

> வணக்கம் ஐயா. 6-ஆம் தேதி கூரியரில் அனுப்பிய காபி சாம்பிள்கள் பற்றி எழுதுகிறேன். வெள்ளைத் துணிப்பை இரண்டு, தலா 250 கிராம், ஒன்று பார்ச்மென்ட், ஒன்று செர்ரி. நான் இரண்டையும் உரிக்காமல் அனுப்பிவிட்டேன். உரித்த கொட்டையாக அனுப்பினால் உங்களுக்கு வசதியா? அப்படியென்றால் பொங்கல் முடிந்ததும் அனுப்புகிறேன். விலை, அளவு எல்லாம் நீங்கள் சுவைத்துப் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம். 20-ஆம் தேதி வாக்கில் சொன்னாலும் போதும். முதல் மடல் கீழே இருக்கிறது.

ஐந்து கேள்விகள் ஒன்றாகிவிட்டன. அந்த ஒன்றுக்கும் "ஆமாம், அனுப்புங்கள்" என்று கைப்பேசியிலேயே பதில் எழுதிவிடலாம். பையின் அடையாளத்தைச் சொன்னதால், வந்ததா என்று கேட்காமலே அவர்கள் தேடிப் பார்க்க முடியும். பண்டிகையைத் தாண்டி ஒரு தேதி கொடுத்ததால் விடுமுறையில் யாரும் குற்ற உணர்வோடு மடலைப் பார்க்க வேண்டியதில்லை. 19-ஆம் தேதி பதில் வந்தது. பைகளின்மேல் பெயரோ எண்ணோ இல்லாததால் யாருடையவை என்று தெரியாமல் அறுவடைக் காலத்தில் வந்த மற்ற சாம்பிள்களோடு அடுக்கில் வைத்திருந்தார்களாம். உரித்து அனுப்பச் சொன்னார்கள். விலைப் பேச்சு பிப்ரவரி வரை இழுத்தது, ஆனால் அதற்குப் பிறகு எந்த மடலும் தங்கவில்லை.

நாங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம். "ஜென்டில் ரிமைண்டர்" போட்டால் மென்மையாகிவிடும் அல்லவா?

ஒரு காலத்தில் ஆகியிருக்கலாம். இப்போது அது அலுவலகங்களில் முத்திரை போலத் தேய்ந்துவிட்டது. மென்மை என்று பெயர் சொல்லிக்கொண்டு வருவதாலேயே அதில் மென்மை இல்லை. "கைண்ட்லி ரிவர்ட்" என்பதும் கட்டளையாகத்தான் போய்ச் சேர்கிறது. முந்தைய பதிலில் உள்ள முறையே ஆங்கிலத்துக்கும் போதும்: விஷயத்தில் தொடங்குங்கள், ஒரே கேள்வி கேளுங்கள், ஒரு தேதி கொடுங்கள்.

அவர் திறந்து பார்த்தாரா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதாமே?

இருக்கிறது என்று சொல்லி விற்கிறார்கள். மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படத்தை வைப்பார்கள். அது எப்போது இறங்குகிறது என்பதை வைத்துத் திறந்ததாகக் கணக்கிடுவார்கள். 2021 முதல் ஆப்பிளின் மெயில் செயலியில் ஒரு பாதுகாப்பு வந்திருக்கிறது. அதை இயக்கியிருப்பவருக்கு வரும் படங்கள், அவர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் பின்னணியில் முன்கூட்டியே இறங்கிவிடும். படங்களைத் தடுத்து வைத்திருப்பவர் நன்றாகப் படித்திருந்தாலும் திறக்காதவராகத் தெரிவார். ஆகவே இரண்டு பக்கமும் தவறு வரும். படித்தேன் என்று ரசீது கேட்கும் வசதி தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் கிடையாது.

இதைவிடப் பெரிய கெடுதல் உங்களுக்குள் நடக்கும். மூன்று முறை திறந்தார் என்று திரை சொன்னால், அடுத்த மடலில் நீங்கள் எவ்வளவு அடக்கினாலும் அந்த ஏகாரம் வந்து உட்கார்ந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் "மெயில் பாருங்கள்" என்று ஒரு வரி போட்டால் வேலை முடிந்துவிடாதா?

அவர் உங்களோடு வாட்ஸ்அப்பில் வழக்கமாகப் பேசுகிறவர் என்றால் போடலாம். அப்போதும் "பாருங்கள்" என்பதை விட்டு, கேள்வியையே அங்கே கேட்டுவிடுங்கள். எண் விசிட்டிங் கார்டில் இருந்தது என்பதற்காக முன்பின் பேசாதவருக்கு அனுப்புவது அவர் வீட்டு வாசலில் போய் நிற்பதற்குச் சமம். முதல் நினைவூட்டல் மின்னஞ்சலிலேயே போகட்டும்.

அவருடைய மேலாளரையும் Cc-யில் சேர்த்தால் வேகமாக நடக்குமே?

வேகமாக நடக்கலாம். ஆனால் அது ஒரு புகார், மடலில் எவ்வளவு இனிப்பு தடவியிருந்தாலும். முதல் நினைவூட்டலில் கூடவே கூடாது. முதல் மடலில் யார் யார் இருந்தார்களோ அவர்களே இரண்டாவதிலும் இருக்க வேண்டும், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்.

இது அவர் பொறுப்புத்தானா என்று உங்களுக்கே சந்தேகம் இருந்தால் அவரிடமே கேளுங்கள்: "இந்த விஷயத்தை வேறு யாராவது கவனிக்கிறார்கள் என்றால் அவர் முகவரியைச் சொன்னால் அவருக்கே எழுதிக்கொள்கிறேன்." தவறான மேசைக்குப் போன மடல்களை இந்த ஒரு வரி காப்பாற்றியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கூச்சத்தால் பேசாமல் இருந்தவர்கள் உடனே முகவரி கொடுத்துவிடுவார்கள்.

இன்டர்வியூ முடிந்து ஒரு வாரம் ஆகிறது. பிள்ளைகள் நாங்கள் எப்படிக் கேட்பது?

இன்டர்வியூவில் அவர்கள் ஒரு நாள் சொல்லியிருந்தால் அதற்கு மேல் இரண்டு வேலை நாட்கள் பொறுங்கள். சொல்லவில்லையென்றால் ஒரு வாரம் கழித்து எழுதலாம். எந்தப் பணி, எந்தத் தேதியில் நேர்காணல், உங்கள் முழுப்பெயர் மூன்றும் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். அவர்கள் ஒரே நாளில் நாற்பது பேரைப் பார்த்திருப்பார்கள். பிறகு "அடுத்த கட்டம் எப்போது என்று தெரிந்தால் அதற்கேற்பத் தயாராக இருப்பேன்" என்று முடித்துக்கொள்ளுங்கள். "நான் தேர்வாகிவிட்டேனா" என்று கேட்டால் அவர் ஆம், இல்லை இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த முடிவு அவர் கையில் இல்லாமல் இருக்கலாம். எப்போது என்பதற்கு யாரும் பதில் சொல்லிவிடலாம்.

எனக்கு வர வேண்டிய பணத்துக்கு எழுதுகிறேன். அங்கேயும் இப்படி இதமாகத்தான் எழுத வேண்டுமா?

பணத்தில் தெளிவு வேண்டும், தெளிவு கடுமை ஆகாது. பில் எண், பில் தேதி, தொகை, கெடு தேதி நான்கையும் எழுதுங்கள். எண்கள் யார்மீதும் குற்றம் சாட்டுவதில்லை. "பாக்கி வைத்திருக்கிறீர்கள்" என்று எழுதாமல் "இந்தப் பில்லின் கெடு 10-ஆம் தேதி, எந்தத் தேதியில் எதிர்பார்க்கலாம்?" என்று கேளுங்கள். பில்லையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் மறுபடி இணைத்துவிடுங்கள். கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவரின் பணம் நின்றிருந்ததற்குக் காரணம், பில்லில் கணக்கு எண்ணின் ஒரு இலக்கம் விடுபட்டிருந்ததுதான். வாங்கியவர் தரப்பில் யாரும் அதைச் சொல்லவில்லை. மறுபடி இணைத்தபோதுதான் இவரே கண்டுபிடித்தார்.

கெடு கடந்து மாதங்கள் ஆகிவிட்டால் விஷயம் வேறு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் பொருள் வாங்கியவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடுவும் 45 நாட்களைத் தாண்டக் கூடாது. இத்தகைய நிறுவனங்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு இருந்தால் கைவசம் வைத்திருங்கள். ஆனால் ஒரு வாரத்து நினைவூட்டலில் சட்டத்தின் பெயரை எடுக்காதீர்கள். எடுத்தபின் பழைய பேச்சுக்குத் திரும்ப முடியாது.

அரசு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அங்கேயும் ஒரு வாரம்தானா?

அங்கே ஒரு வாரம் குறைவு. கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொன்றுக்கு நகர வேண்டும். மனுவுக்கு எண் கொடுத்திருந்தால் அந்த எண்ணை முதல் வரியில் வைத்து, எந்தப் பிரிவில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டிருந்தால் காலம் 30 நாட்கள் என்று சட்டமே சொல்கிறது. அதுவரை நினைவூட்டல் தேவையில்லை. அது கடந்தால் நினைவூட்டல் எழுதிக்கொண்டிருக்காமல், அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அது உங்களுக்கான வழிமுறை, யார்மீதும் கோபம் காட்டுவது ஆகாது.

இரண்டாவது மடலுக்கும் பதில் இல்லை. இப்போதாவது கோபப்படலாமா?

கோபம் நியாயமாகவே இருக்கலாம், மடலில் அதற்கு வேலை இல்லை. இன்னும் ஐந்து முதல் ஏழு வேலை நாட்கள் விட்டு, வழியை மாற்றுங்கள். அலுவலக எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "மெயில் போட்டிருந்தேன், வந்து சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ளக் கூப்பிட்டேன்" என்றால் போதும். எழுத்தில் குத்துகிற வாக்கியம் குரலில் குத்தாது. மறுமுனையில் "அவர் அந்த வேலையை விட்டுப் போய்விட்டாரே" என்று சொல்லக் கேட்டவர்களும் உண்டு.

மூன்றாவதாக எழுதுவதென்றால், அது கேள்வியாக இல்லாமல் உங்கள் திட்டத்தைச் சொல்லும் மடலாக இருக்கட்டும். "இந்த மாத இறுதிவரை 200 கிலோவை உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். அதன்பின் ஏலத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். பிறகு தேவைப்பட்டாலும் எழுதுங்கள், அடுத்த அறுவடையில் பார்க்கலாம்." இதற்கும் காபிக்காரரின் வரைவில் இருந்த "வேறு வியாபாரிகள்" வரிக்கும் உள்ள வித்தியாசம், இது உண்மை என்பதுதான். மாத இறுதியில் நீங்கள் சொன்னபடியே செய்யப்போகிறீர்கள். வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு இந்த மூன்றாவது தேவையில்லை, இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நினைவூட்டிய பிறகு பதில் வந்துவிட்டது, "தாமதத்துக்கு மன்னிக்கவும்" என்று. அதற்கு என்ன எழுதுவது?

தாமதத்தைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். "பரவாயில்லை, இருக்கட்டும்" என்று எழுதினாலும் மன்னிக்கிற இடத்தில் நாம் போய் உட்கார்ந்துவிடுகிறோம். "பதிலுக்கு நன்றி" என்று தொடங்கி, நேராக விஷயத்துக்குப் போய்விடுங்கள். அதையும் அன்றைக்கே அனுப்புங்கள். அவர் மடல் இப்போது உங்கள் பெட்டியில் தடித்த எழுத்தில் இருக்கிறது, திறந்து மூடினால் சாதாரண எழுத்தாகிவிடும்.